எக்ஸிட் லோடு, டைரக்ட் பிளான், ரெகுலர் பிளான்: மியூச்சுவல் ஃபண்டில் கமிஷன் எங்கே கழிகிறது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

"நான் போட்ட பணத்துல ஒரு ரூபாய்கூட கமிஷன் பிடிக்கலைன்னு ஏஜென்ட் சொல்றார். ஸ்டேட்மென்ட்லயும் அப்படித்தான் இருக்கு. அப்போ அவருக்கு யார் பணம் கொடுக்கிறாங்க?"

நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். ஆனால் போடும்போது இல்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக.

2009 ஆகஸ்ட் வரை பணம் போடும்போதே என்ட்ரி லோடு என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள். பங்குச் சந்தை ஃபண்டுகளில் அது 2.25 சதவீதம் வரை இருந்தது. மியூச்சுவல் ஃபண்டுகளைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை அமைப்பான செபி அதை நிறுத்திவிட்டது. இன்று நீங்கள் ஒரு லட்சம் போட்டால், சில ரூபாய் முத்திரைக் கட்டணம் போக முழுத் தொகைக்கும் யூனிட் கிடைக்கும். அந்த அளவில் ஏஜென்ட் சொன்னது உண்மை.

கமிஷன் இப்போது செலவு விகிதத்துக்குள் இருக்கிறது. ஃபண்டை நடத்தும் செலவு, மேலாளர் கட்டணம், பதிவாளர் கட்டணம், ஏஜென்ட் என்று நாம் சொல்லும் விநியோகஸ்தரின் கமிஷன் எல்லாம் சேர்ந்ததுதான் செலவு விகிதம். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று சொல்லப்பட்டாலும் கழிப்பது ஒவ்வொரு நாளும். அன்றைய சொத்து மதிப்பிலிருந்து ஆண்டுச் சதவீதத்தின் 365-ல் ஒரு பங்கைக் கழித்த பிறகுதான் அன்றைய என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, வெளியாகிறது. நீங்கள் பார்க்கும் என்ஏவி, கமிஷன் போன பிறகு மிஞ்சிய என்ஏவி. தனி வரியாக எங்கும் வராததால் கண்ணில் படுவதில்லை.

உங்கள் முதலீட்டின் இன்றைய மதிப்பு 10 லட்சம், கமிஷன் ஆண்டுக்கு 1 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 27 ரூபாய் போகிறது, வருடத்துக்கு 10,000 ரூபாய். மதிப்பு 20 லட்சமாக வளர்ந்தால் கமிஷனும் இரு மடங்காகும். நீங்கள் புதிதாக ஒன்றும் போடாவிட்டாலும், அவர் உங்களுக்காகப் புதிதாக ஒன்றும் செய்யாவிட்டாலும், நீங்கள் அந்த ஃபண்டில் இருக்கும்வரை இது தொடரும். இதற்கு டிரெயில் கமிஷன் என்று பெயர். முன்பணமாக ஒரு பெரிய கமிஷனைக் கொடுக்கும் வழக்கத்தை 2018 அக்டோபரில் செபி மூடியது. அதன் பிறகு கிட்டத்தட்ட எல்லாமே டிரெயில்தான்.

"எக்ஸிட் லோடுன்னு பிடிக்கிறாங்களே, அதுதான் ஏஜென்ட்டுக்குப் போற பணமா?"

இல்லை. எக்ஸிட் லோடு என்பது குறிப்பிட்ட காலத்துக்குள் பணத்தை எடுத்தால் கழிக்கும் தொகை. அது ஏஜென்ட்டுக்குப் போகிறது என்று பலரும் நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. என்ட்ரி லோடு நின்ற பிறகு சில ஆண்டுகள், எக்ஸிட் லோடில் 1 சதவீதம் வரை ஃபண்ட் நிறுவனம் தனிக் கணக்கில் வைத்து, விநியோகஸ்தர் கமிஷன் போன்ற விற்பனைச் செலவுக்குப் பயன்படுத்த முடிந்தது. 2012 அக்டோபரில் அது மாறியது. இப்போது எக்ஸிட் லோடாகப் பிடிக்கப்படும் பணம், ஜிஎஸ்டி போக, அதே ஃபண்டுக்குள்ளேயே திரும்பப் போகிறது. வெளியேறுகிறவரின் பணம், உள்ளே இருக்கும் மற்ற முதலீட்டாளர்களின் என்ஏவியில் சேர்கிறது.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. நீங்கள் சீக்கிரம் வெளியேறினால் ஃபண்ட் மேலாளர் பங்குகளை விற்றாக வேண்டும். அந்த விற்பனைச் செலவை எல்லோரும் சுமக்கிறார்கள். அதற்கான ஈடுதான் இந்தத் தொகை.

எக்ஸிட் லோடுக்கும் கமிஷனுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்: எக்ஸிட் லோடு ஒரே ஒரு முறை வரும், காத்திருந்தால் வராமலே போகும். விநியோகஸ்தர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானிலும் அது உண்டு, அவர் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானிலும் உண்டு, பொதுவாக ஒரே அளவில். கமிஷன் ரெகுலர் பிளானில் மட்டும்தான், ஆனால் ஒவ்வொரு வருடமும். எக்ஸிட் லோடுக்குப் பயந்து ரெகுலர் பிளானிலேயே பத்து வருடம் உட்கார்ந்திருப்பவர்கள், ஒரு முறை போகும் 1 சதவீதத்தைத் தவிர்ப்பதற்காக ஒவ்வொரு வருடமும் கிட்டத்தட்ட அதே 1 சதவீதத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"எக்ஸிட் லோடு லாபத்துக்கு மட்டுமா, இல்ல எடுக்கிற மொத்தப் பணத்துக்குமா?"

எடுக்கும் மொத்தத் தொகைக்கும். நஷ்டத்தில் எடுத்தாலும் பிடிப்பார்கள்.

ஒரு லட்சம் போட்டீர்கள், அன்றைய என்ஏவி 50, அதனால் 2,000 யூனிட். எட்டு மாதம் கழித்து என்ஏவி 54 ஆகிறது. எல்லாவற்றையும் எடுக்கிறீர்கள். மதிப்பு 1,08,000 ரூபாய். ஃபண்டின் விதி '365 நாளுக்குள் எடுத்தால் 1 சதவீதம்' என்றால், யூனிட்டுக்கு 54 ரூபாய்க்குப் பதில் 53.46 கிடைக்கும். கைக்கு வருவது 1,06,920 ரூபாய். போனது 1,080 ரூபாய். லாபம் 8,000 என்பதால் 80 ரூபாய்தான் போகும் என்று கணக்குப் போட்டிருந்தால் ஏமாற்றமாக இருக்கும்.

எல்லா ஃபண்டுக்கும் இதே விதி இல்லை. பங்குச் சந்தை ஃபண்டுகளில் '1 வருடத்துக்குள் 1 சதவீதம்' என்பது அதிகம் காணப்படும் விதி. சிலவற்றில் யூனிட்களில் 10 சதவீதம் போன்ற ஒரு பங்கை லோடு இல்லாமல் எடுக்கலாம். லிக்விட் ஃபண்டுகளில் 2019 அக்டோபரிலிருந்து முதல் ஆறு நாளுக்கு மட்டும் மிகச் சிறிய லோடு. முதல் நாள் 0.0070 சதவீதம், அதாவது ஒரு லட்சத்துக்கு 7 ரூபாய். அப்புறம் படிப்படியாகக் குறைந்து ஏழாம் நாளிலிருந்து ஒன்றுமில்லை. உங்கள் ஃபண்டின் விதி அதன் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் இருக்கும். ஃபண்ட் நிறுவனம் பின்னால் லோடை உயர்த்தினாலும் நீங்கள் ஏற்கனவே வாங்கிய யூனிட்களுக்கு அது பொருந்தாது. வாங்கிய நாளில் இருந்த விதிதான் கடைசிவரை.

"எஸ்ஐபி ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. பணத்தை எடுத்தேன், எக்ஸிட் லோடு பிடிச்சுட்டாங்க. ஒரு வருஷம் தாண்டிடுச்சே?"

ஒரு வருடம் தாண்டியது எஸ்ஐபி. உங்கள் யூனிட்களில் பல இன்னும் தாண்டவில்லை. ஒவ்வொரு மாதத் தவணையும் ஒரு தனி முதலீடு, அதற்கென்று தனி நாள் கணக்கு.

2024 ஜனவரி 5-ல் தொடங்கி மாதம் 5,000 ரூபாய். 2025 ஜூலை 10-ல் எல்லாவற்றையும் எடுக்கிறீர்கள். அதற்குள் 19 தவணைகள் போயிருக்கும். 2024 ஜனவரி முதல் ஜூலை வரை போட்ட 7 தவணைகள் மட்டுமே ஒரு வருடம் கடந்தவை. மீதி 12 தவணைகளுக்கு 1 சதவீதம் பிடிக்கப்படும். எஸ்ஐபி ஓடிக்கொண்டிருக்கும்வரை எந்த நாளில் பார்த்தாலும் கடைசி 12 தவணைகள் லோடுக்குள்தான் இருக்கும்.

நல்ல செய்தி, முதலில் வாங்கிய யூனிட்தான் முதலில் விற்கப்படும். அதனால் அந்த 7 தவணைகளின் மதிப்பு அளவுக்கு மட்டும் எடுத்திருந்தால் லோடே வந்திருக்காது. பணம் தேவைப்படும்போது மொத்தமாக ரிடீம் கொடுக்காமல், எத்தனை யூனிட்கள் லோடிலிருந்து விடுபட்டுவிட்டன என்று பார்த்து அந்த எண்ணிக்கையை மட்டும் கொடுங்கள். பல செயலிகளில் இது தனியாகவே தெரியும். தெரியாவிட்டால் ஸ்டேட்மென்டில் தவணைத் தேதிகளை வைத்து எண்ணலாம். எண்ணும்போது வங்கியில் பணம் கழிந்த நாளைப் பார்க்காதீர்கள், யூனிட் ஒதுக்கப்பட்ட நாளைப் பாருங்கள். இரண்டும் ஓரிரு நாள் மாறும். 364-ம் நாளில் எடுத்து மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

"டைரக்ட் பிளான்ல என்ஏவி அதிகமா இருக்கு. அதே பணத்துக்கு யூனிட் கம்மியாத்தானே கிடைக்கும்? அப்புறம் அது எப்படி லாபம்?"

யூனிட் எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. உங்கள் பணம் என்ன வேகத்தில் வளர்கிறது என்பதுதான் விஷயம். ஒரு லட்சத்துக்கு 100 ரூபாய் என்ஏவியில் 1,000 யூனிட் கிடைத்தாலும், 125 ரூபாயில் 800 யூனிட் கிடைத்தாலும் கையில் இருப்பது ஒரு லட்சம்தான். அடுத்த வருடம் எது அதிகம் வளர்கிறது?

இரண்டும் ஒரே ஃபண்ட். ஒரே மேலாளர், அதே பங்குகள், அதே நாளில் வாங்கி விற்கப்படுகின்றன. வித்தியாசம் செலவு விகிதம் மட்டும். டைரக்ட் பிளானிலிருந்து கமிஷன் கொடுக்கக் கூடாது, கமிஷன் தவிர்த்த மற்ற செலவுகளும் ரெகுலரைவிட அதிகமாக இருக்கக் கூடாது என்பது செபி விதி. அதனால் டைரக்ட் பிளானின் என்ஏவி ஒவ்வொரு நாளும் துளி வேகமாக நகர்கிறது.

டைரக்ட் பிளான்கள் 2013 ஜனவரி 1-ல் வந்தன. அதற்கு முன்பிருந்தே ஓடும் ஒரு பழைய ஃபண்டை எடுத்து, அதன் இரண்டு பிளான்களின் இன்றைய என்ஏவியையும் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் இணையதளத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொடக்கத்தில் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தவை. இன்று நடுவில் தெரியும் இடைவெளி, இத்தனை வருடத்தில் ஒரு யூனிட்டுக்குக் கமிஷனாகப் போனதும், அந்தப் பணம் உள்ளே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வளர்ச்சியும் சேர்ந்தது. டைரக்டின் என்ஏவி அதிகமாக இருப்பதுதான் அதன் வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்குச் சாட்சி.

"என்னோடது டைரக்ட்டா ரெகுலரான்னே தெரியலை. எங்கே பார்க்கறது?"

ஸ்டேட்மென்டில் ஃபண்டின் பெயரோடு சேர்ந்தே இருக்கும்: `Direct Plan - Growth` அல்லது `Regular Plan - Growth`. பெயர் சுருக்கமாக வந்து பிளான் தெரியாவிட்டால் ஆலோசகர் என்ற இடத்தைப் பாருங்கள். `ARN-` என்று தொடங்கும் எண் இருந்தால் அது விநியோகஸ்தரின் ஆம்ஃபி பதிவு எண், கமிஷன் அவருக்குப் போகிறது. `DIRECT` என்று இருந்தால் போகவில்லை.

வங்கி மேலாளர் சொல்லி வங்கியிலேயே தொடங்கியது என்றால் பெரும்பாலும் ரெகுலர்தான். அந்த `ARN-` எண் வங்கியுடையது. 'எனக்கு ஏஜென்ட்டே கிடையாது, பேங்க்தான்' என்று பலர் சொல்வார்கள். வங்கியும் விநியோகஸ்தர்தான்.

எவ்வளவு போகிறது என்பதையும் பார்க்க முடியும், பலருக்கு இது தெரிவதில்லை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் முடியும் அரையாண்டுக்கு உங்கள் எல்லா ஃபண்டுகளையும் சேர்த்து ஒரு ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்ட் மின்னஞ்சலில் வரும். 2016 அக்டோபர் முதல், அந்த ஆறு மாதத்தில் உங்கள் முதலீட்டுக்காக விநியோகஸ்தருக்குக் கொடுக்கப்பட்ட கமிஷன் ஒவ்வொரு ஃபண்டுக்கும் ரூபாய்க் கணக்கில் அதில் இருக்க வேண்டும் என்பது விதி. பக்கத்திலேயே செலவு விகிதமும் இருக்கும். கடைசிப் பக்கங்களில் சிறிய எழுத்தில் இருக்கலாம், தேடுங்கள். வரும் எண்ணை இரண்டால் பெருக்கினால் வருடக் கமிஷன். உங்கள் ஏஜென்ட் எவ்வளவு வாங்குகிறார் என்று ஊகித்துக்கொண்டிருப்பதைவிட இந்த ஒரு எண் எவ்வளவோ மேல்.

"ஒரு சதவீதம்தானே? அதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?"

மாதம் 10,000 ரூபாய் எஸ்ஐபி, 20 வருடம். மொத்தம் போடுவது 24 லட்சம். டைரக்டில் ஆண்டுக்கு 12 சதவீதமும் ரெகுலரில் 11 சதவீதமும் வளர்ந்தது என்று கணக்குக்காக மட்டும் வைத்துக்கொள்வோம், சந்தை இப்படித்தான் கொடுக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. 12 சதவீதத்தில் ஏறத்தாழ 99.9 லட்சம் சேரும். 11 சதவீதத்தில் 87.4 லட்சம். இடைவெளி 12.5 லட்சம், அதாவது நீங்கள் கையிலிருந்து போட்ட மொத்தத்தில் பாதிக்கு மேல்.

ஆனால் எல்லா ஃபண்டிலும் இடைவெளி 1 சதவீதம் இல்லை. பொதுவாகச் சிறிய ஃபண்டுகளில் அதிகமாகவும், சொத்து மதிப்பு பெருத்த ஃபண்டுகளில் குறைவாகவும் இருக்கும். ஏனென்றால் ஃபண்ட் வளர வளர செலவு விகிதத்தின் உச்சவரம்பைச் செபி இறக்கிக்கொண்டே போகிறது. இண்டெக்ஸ் ஃபண்டில் இடைவெளி குறைவு. லிக்விட் ஃபண்டில் மிகவும் குறைவு, அங்கே அவசரப்பட்டு மாற்றும் அளவுக்கு ஒன்றுமில்லை. உங்கள் ஃபண்டின் இரண்டு செலவு விகிதங்களையும் ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

"ரெகுலர்ல ஆறு லட்சம் இருக்கு, மாசம் பத்தாயிரம் எஸ்ஐபி ஓடிட்டிருக்கு. இப்பவே எல்லாத்தையும் டைரக்ட்டுக்கு மாத்திடலாமா?"

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மூன்று பகுதியாகப் பிரித்துச் செய்யுங்கள்.

முதலில் புதிய பணம். ஓடும் எஸ்ஐபியை நிறுத்திவிட்டு, அதே ஃபண்டின் டைரக்ட் பிளானில் புதிய எஸ்ஐபி தொடங்குங்கள். இதற்கு லோடும் இல்லை, வரியும் இல்லை. இன்றைக்கே செய்யலாம். பலர் சறுக்குவது இங்கேதான்: சேர்ந்திருக்கும் யூனிட்களை ஸ்விட்ச் செய்துவிட்டால் எஸ்ஐபியும் கூடவே மாறிவிடும் என்று நினைக்கிறார்கள். மாறாது. பழைய பதிவு ரெகுலரிலேயே மாதாமாதம் ஓடும். தனியாக ரத்து செய்ய வேண்டும்.

அடுத்து ஒரு வருடத்துக்கு உட்பட்ட யூனிட்கள். கடைசி 12 தவணைகளின் இன்றைய மதிப்பு 1,25,000 ரூபாய் என்று வைப்போம். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு ஸ்விட்ச் செய்வதும் கணக்குப்படி விற்று வாங்குவதுதான். விநியோகஸ்தர் வழியாக வாங்கிய யூனிட்களுக்குப் பல ஃபண்ட் நிறுவனங்கள் இதற்கும் எக்ஸிட் லோடு பிடிக்கின்றன. இப்போதே மாற்றினால் 1,250 ரூபாய் லோடு. இதிலுள்ள லாபம் 5,000 என்றால் அது குறுகிய கால லாபம், 20 சதவீத வரி. லோடு போகக் கணக்கிட்டாலும் எழுநூறு, எண்ணூறு ரூபாய் வரியாகப் போகும். காத்திருந்தால்? ஒவ்வொரு தவணையும் ஒன்று முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் விடுபடும், சராசரியாக ஆறு மாதம். செலவு இடைவெளி ஆண்டுக்கு 1 சதவீதம் என்றால் ஆறு மாதக் காத்திருப்புக்கு ஏறத்தாழ 625 ரூபாய்தான் ஆகும். லோடு 1 சதவீதம், இடைவெளி ஆண்டுக்கு 1 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் என்றால் காத்திருப்பதே எப்போதும் மலிவு, ஏனென்றால் காத்திருக்க வேண்டியது ஒரு வருடத்தைத் தாண்டாது. அதனால் இந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு, விடுபடும்போது மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு வருடம் கடந்த 4,75,000 ரூபாய். இதற்கு லோடு இல்லை. வரி மட்டும்தான் கேள்வி. வாங்கிய விலை 3,35,000 என்றால் நீண்டகால லாபம் 1,40,000. பங்குச் சந்தை ஃபண்டில் ஒரு நிதியாண்டில் 1,25,000 ரூபாய் வரை நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் செய்யும் விற்பனைக்கு இந்த விகிதம். ஆக மிஞ்சும் 15,000-க்கு 1,875, செஸ் சேர்த்து 1,950 ரூபாய். இதே ஆண்டில் வேறு பங்கோ ஃபண்டோ லாபத்தில் விற்றிருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த 1,950 ரூபாயையும் தவிர்க்கலாம். லாபம் 1,25,000-ஐத் தொடும்வரை மட்டும் இந்த நிதியாண்டில் ஸ்விட்ச் செய்துவிட்டு மீதியை ஏப்ரலுக்குத் தள்ளுங்கள். பழைய யூனிட்களில் லாபம் அதிகம், அவை முதலில் போய்விடும், மிஞ்சுவது லாபம் குறைந்த யூனிட்கள். அதன் மதிப்பு 80,000 என்று வைத்தாலும் பத்து மாதம் காத்திருக்க ஆகும் செலவு 670 ரூபாய் அளவுதான். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ இதைப் படிக்கிறீர்கள் என்றால் இன்னும் சுலபம், சில வாரக் காத்திருப்பில் முடிந்துவிடும்.

ஸ்விட்ச் செய்த பிறகு மறக்கக் கூடாத ஒன்று உண்டு. டைரக்டில் கிடைப்பவை புதிய யூனிட்கள். எக்ஸிட் லோடு கணக்கும், குறுகிய காலமா நீண்ட காலமா என்ற வரிக் கணக்கும் அன்றிலிருந்து மறுபடி தொடங்கும். அடுத்த ஆறு மாதத்தில் மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுக்க வேண்டிய பணமாக இருந்தால் அதை மாற்றாதீர்கள், ரெகுலரிலேயே இருக்கட்டும். வரிச் சேமிப்புக்கான இஎல்எஸ்எஸ் ஃபண்டாக இருந்தால் ஒவ்வொரு தவணைக்கும் மூன்று வருடப் பூட்டு உண்டு, அது முடியும்வரை ஸ்விட்ச் செய்யவே முடியாது. முடிந்து அதே இஎல்எஸ்எஸ்-ன் டைரக்ட் பிளானுக்கு மாற்றினால் மறுபடியும் மூன்று வருடம் பூட்டப்படும்.

"ஸ்விட்ச் எல்லாம் எதுக்கு? ஏஜென்ட் எண்ணை மட்டும் எடுக்கச் சொன்னா போதாதா?"

போதாது. `ARN-` எண்ணை நீக்கினாலும், வேறொருவரின் எண்ணைப் போட்டாலும் யூனிட்கள் ரெகுலர் பிளானிலேயேதான் இருக்கும். ரெகுலரின் என்ஏவி எல்லோருக்கும் ஒன்றுதான், அதற்குள் கமிஷன் செலவு ஏற்கனவே கழிந்திருக்கிறது. ஏஜென்ட் இல்லாமலே ஏஜென்ட் செலவைக் கொடுக்கும் நிலைதான் வரும்.

புதிதாகப் படிவம் நிரப்பும்போது கதை வேறு. விநியோகஸ்தர் எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தால், நீங்கள் ரெகுலர் என்று எழுதியிருந்தாலும் டைரக்டாகவே எடுத்துக்கொள்வார்கள். எண் இருந்து, பிளான் பெயர் எழுதாமல் விட்டால் ரெகுலர். அதனால் காகிதப் படிவத்தில் ஏற்கனவே ஒரு எண் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அடித்துவிட்டு `DIRECT` என்று எழுதுங்கள்.

"இந்த ஃபண்டை வித்துட்டு புதுசா வர்ற ஒரு ஃபண்டுக்கு மாறச் சொல்றார் ஏஜென்ட். கேட்கலாமா?"

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பழைய ஃபண்டில் என்ன கெட்டுப்போய்விட்டது, புதியதில் என்ன இருக்கிறது, இரண்டுக்கும் கமிஷன் எத்தனை சதவீதம். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்வது விநியோகஸ்தரின் கடமை. ஒரே மாதிரி ஃபண்டுகளில் தனக்குக் கிடைக்கும் கமிஷன்களை முதலீட்டாளரிடம் அவர் சொல்லியாக வேண்டும்.

முன்பணக் கமிஷன் போனதால் அடிக்கடி விற்று வாங்க வைப்பதில் இருந்த ஆதாயம் குறைந்திருக்கிறது. முற்றிலும் போகவில்லை. சிறிய, புதிய ஃபண்டுகளுக்குச் செலவு விகித வரம்பு அதிகம், அதனால் டிரெயிலும் அதிகமாகக் கொடுக்க முடியும். 0.6 சதவீதம் தரும் பெரிய பழைய ஃபண்டிலிருந்து 1.2 சதவீதம் தரும் புதிய ஃபண்டுக்கு உங்களை நகர்த்தினால் அவர் வருமானம் இரட்டிப்பாகும். இது நடப்பதைப் பார்த்துத்தான், ஒரே ஃபண்ட் நிறுவனத்துக்குள் பழைய ஃபண்டிலிருந்து புதிய வெளியீட்டுக்கு ஸ்விட்ச் செய்தால் இரண்டில் எது குறைந்த கமிஷனோ அதுதான் கிடைக்கும் என்று 2025 ஏப்ரல் முதல் செபி விதித்தது. வேறு நிறுவனத்தின் புதிய ஃபண்டுக்கு மாறச் சொன்னால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

உங்கள் பக்கம் ஆகும் செலவைக் கூட்டிப் பாருங்கள்: இருந்தால் எக்ஸிட் லோடு, லாபத்துக்கு வரி, மறுபடி தொடங்கும் ஒரு வருடக் கணக்கு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இப்படி நகர்த்தப்பட்டால், ஃபண்ட் நன்றாகவே இருந்தும் உங்கள் கணக்கு பின்தங்கும்.

"அப்போ ஏஜென்ட்டே வேண்டாமா? எங்க ஏஜென்ட் நல்ல மனுஷன், வீட்டுக்கு வந்து எல்லாம் செய்து கொடுப்பார்."

நல்லவராக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விலை தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அரையாண்டு ஸ்டேட்மென்டில் உள்ள கமிஷனைப் பாருங்கள். மூன்று லட்சம் முதலீட்டுக்கு வருடம் 2,500 ரூபாய் போகிறது, அதற்கு அவர் கேஒய்சி வேலைகளைப் பார்க்கிறார், நாமினி சேர்க்கிறார், வயதான பெற்றோருக்கு வந்து கையெழுத்து வாங்கிப் போகிறார், சந்தை விழும்போது விற்காமல் தடுக்கிறார் என்றால் அது நியாயமான கூலி என்றே நினைக்கிறேன். 2020 மார்ச்சில் பயந்து விற்றுவிட்டவர்களுக்கு ஆன நஷ்டம், பல வருடக் கமிஷனைவிடப் பெரியது. குடும்பத்தில் ஒருவர் இறந்தபின் யூனிட்களை மாற்றும் வேலையை முகம் தெரிந்த ஒருவர் செய்து தருவதற்கும் மதிப்பு உண்டு.

எனக்கு நெருடலாக இருப்பது வேறு. கமிஷன் வேலைக்கு ஏற்ப வளர்வதில்லை, உங்கள் பணத்துக்கு ஏற்ப வளர்கிறது. அதே மனிதர், அதே இரண்டு வருகைகள், ஆனால் முதலீடு 50 லட்சம் ஆகும்போது வருடத்துக்கு நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் போகும். அந்த இடத்தில் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும். கமிஷனில் பாதியைத் திருப்பித் தருகிறேன் என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது ஆம்ஃபி நடத்தை விதிகளுக்கு விரோதம்.

இன்னொரு வழி, செபியில் பதிவு செய்த முதலீட்டு ஆலோசகர். அவர் கட்டணத்தை உங்களிடமே நேரடியாக வாங்குகிறார், உங்களுக்கு டைரக்ட் பிளான்களைச் சொல்கிறார், ஃபண்ட் நிறுவனத்திடம் கமிஷன் வாங்கக் கூடாது. வருடம் 15,000 ரூபாய் என்று ஒருவர் கேட்டால் காசோலை எழுதும்போது வலிக்கும். மூன்று லட்சம் வைத்திருப்பவருக்கு அது கட்டாது. 25 லட்சம் வைத்திருப்பவருக்கு, 1 சதவீதக் கமிஷன் 25,000 ஆகிறது என்பதால், கட்டும். ஆலோசகரின் பதிவு எண்ணைச் செபி இணையதளத்தில் சரிபார்த்த பிறகு மட்டும் பேசுங்கள். ரெகுலர் பிளானை விற்றுக்கொண்டே தன்னை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்பவரிடம் `ARN-` எண்தான் இருக்கும்.